"அம்புக்குறி சரி, இலத்திரன் ஏன் அங்கே போகிறது?" செமினாரில் எனக்கு வந்த கேள்வி

களுவாஞ்சிக்குடி மாணவி
போன கிழமை செமினாரில் 2-புரோமோபுரோப்பேனும் சோடியம் எதொட்சைட்டும் தாக்கமுறுவதை விளக்கினேன். ஒட்சிசனிலிருந்து காபனுக்கு ஓர் அம்பு, காபன்–புரோமீன் பிணைப்பிலிருந்து புரோமீனுக்கு இன்னொன்று. விளைவு ஈதர். சேர் கேட்டார்: "இலத்திரன் ஏன் போகிறது?" ஒட்சிசன் மறை, காபன் சற்று நேர் என்றேன். "அப்படியானால் ஏன் புரோமீனுக்குப் பின்புறமாக மட்டும் வருகிறது? ஈதர் மட்டும்தானா கிடைக்கும்?" எனக்கு வாய் அடைத்துப்போனது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கல்முனை ஆசிரியர்
தங்கச்சி, நீங்கள் சொன்னதில் பிழையில்லை. மறையை நேர் இழுக்கிறது. முன்பக்கத்தைப் பெரிய புரோமீன் மறைக்கிறது, அதனால் பின்புறம். உயர்தர வகுப்பில் நான் இப்படித்தான் சொல்கிறேன்.

வந்தாறுமூலை
சேர், நானும் அப்படித்தான் சொல்லி மாட்டினேன். என்னிடம் கேட்டது: ஏற்றம் மட்டும் காரணம் என்றால் புளோரீன் இணைந்த காபன்தானே அதிகம் நேர், ஏன் அந்தச் சேர்வை மிக மெதுவாகத் தாக்கமுறுகிறது? பிறகுதான் விளங்கியது. வரும் இலத்திரன் சோடி போய் இருக்க ஒரு வெற்றிடம் வேண்டும். காபன்–புரோமீன் பிணைப்புக்குரிய வெறுமையான பிணைப்பெதிர் ஓபிற்றல்தான் அந்த இடம். அதன் பெரிய பகுதி காபனுக்குப் பின்புறம் நீண்டிருக்கிறது. அதில் இலத்திரன் நிரம்ப நிரம்பப் பழைய பிணைப்பு உடைகிறது. புளோரீனில் அந்த ஓபிற்றல் சக்தியில் மிக உயரம், பிணைப்பும் வலிது.

இரண்டாம் கேள்விக்கும் இதுவே பதில். அதே வெற்றிடத்துக்குப் பக்கத்துக் காபனின் ஐதரசன் பிணைப்பும் சோடியைக் கொடுக்கலாம். எதொட்சைட்டு அந்த ஐதரசனைப் பிடுங்கினால் வருவது புரோப்பீன். எதனோலில் 55 பாகையில் ஏறக்குறைய 79 வீதம் புரோப்பீன், 21 வீதம்தான் ஈதர். தங்கச்சி வரைந்தது சிறுபான்மைப் பாதை.

அக்கரைப்பற்று
நான் ஆய்வுகூடத்தில் ஏமாந்தேன். வந்த வாயுவை நேரே அமில பரமங்கனேற்றுக்குள் விட்டேன், நிறம் போனது. அல்கீன்தான் என்று எழுதிவிட்டேன். எதனோல் ஆவியும் அதைச் செய்யும் என்று பிறகு தெரிந்தது. வாயுவை முதலில் தண்ணீருக்குள் செலுத்திக் கழுவி, புரோமீன் நீரில் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி மாணவி
79 வீதமா! அப்படியானால் ஈதர் அதிகம் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டலாமா?

வந்தாறுமூலை
இல்லை, சூடு கூடினால் புரோப்பீன்தான் இன்னும் கூடும். புரோமோஎதேனை எடுத்தால் சுமார் 90 வீதம் ஈதர், ஆனால் அது வேறு ஈதர். நீங்கள் வரைந்த ஈதரே வேண்டுமென்றால் புரோமோஎதேனை ஐசோபுரோப்பொட்சைட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

கல்முனை ஆசிரியர்
புளோரீன் விஷயத்தை ஏற்கிறேன். ஆனாலும் ஏற்றத்தின் பங்கு எவ்வளவு, ஓபிற்றலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா? என் பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்வது?