'சோழ காலம்' என்று தலைப்பு வந்த காற்றுப் பேச்சு

பாம்பன், ஒலிப்பதிவு செய்பவர்

எங்கள் ஊரில் நாட்டுப்படகு ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர், கடலுக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்காக 2 மணி 6 நிமிடம் பேசினார். காற்றுகளைப் பற்றியும், வலைகளைப் பற்றியும், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த இரவைப் பற்றியும், தீவுகளில் பெண்கள் பாசி எடுப்பதைப் பற்றியும் சொல்லி, கடைசியில் கேள்விகளுக்குப் பதில் அளித்தார். அதைக் கேட்பவர்கள் வேண்டிய இடத்துக்கு நேரே போக முடியாவிட்டால் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியதால், அத்தியாயங்களாகப் பிரிக்க முனைந்தேன்.

பேச்சை எழுத்தாக்கும் நிரல் ஏறத்தாழ 12,000 சொற்களைத் தந்தது. அவற்றைப் பைதானின் `nltk` தொகுப்பில், பொருள் மாறும் இடங்களைக் கண்டு உரையைப் பிரிக்கும் `TextTilingTokenizer`இடம் கொடுத்தேன். பத்திப் பிரிவு இல்லை என்று அது மறுத்ததால், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வெற்று வரியை இட்டு மறுபடி ஓட்டினேன். மூன்று எல்லைகள் கிடைத்தன. மூன்றும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தன. மீதி இரண்டு மணி நேரம் ஒரே அத்தியாயமாக நின்றது. இதே வேலையைச் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரை, பயான்களைத் தொகுப்பவர்

பாம்பன் காக்காவுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிவாசலில் நடக்கும் நீண்ட பயான்களை நான் எழுத்தைப் பார்க்காமல், மௌனத்தை மட்டும் வைத்தே பிரித்துவிடுகிறேன். இரண்டு விநாடிக்கு மேல் பேச்சு நின்றால் அங்கே புதிய பொருள் தொடங்குகிறது என்று கொள்வேன். ஹஜ்ரத் ஒவ்வொரு பொருளையும் முடித்து, சற்று நிறுத்தி, ஓர் ஆயத்தை ஓதியபின் அடுத்ததற்குப் போவார் என்பதால் இது தவறுவதில்லை. எந்தப் பேச்சுக்கும் இதுவே போதும் என்பது என் கருத்து.

ராமேசுவரம், கோயில் விழாக்களைப் பதிவு செய்பவர்

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. யூடியூபில் நேரக் குறிப்புகளைக் கொடுத்தும் அத்தியாயங்கள் தோன்றவில்லை. முதல் குறிப்பு `0:00` என்று இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும். நான் `0:05` என்று தொடங்கியிருந்ததுதான் குறை.

ராமநாதபுரம், எழுத்துப்படிகளைக் கையாளும் பணியில் இருப்பவர்

ராமேசுவரத்து அன்பர் சொன்னது, எல்லைகளைக் கண்டுபிடித்த பிறகு பயன்படும் செய்தி. பாம்பன் அண்ணனுக்கு எல்லைகளே கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் `TextTilingTokenizer` நிரலின் உள்ளே இருக்கிறது. அது தொடக்கத்திலேயே நிறுத்தக் குறிகளை நீக்குவதாக எண்ணி, கீழே உள்ள எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற யாவற்றையும் எறிந்துவிடுகிறது.

```
[a-z\-' \n\t]
```

அதாவது தமிழ் எழுத்து ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. உங்கள் எழுத்துப்படியில் `engine`, `diesel` என்று ஆங்கில எழுத்தில் விழுந்த சில நூறு சொற்களை மட்டுமே அது ஒப்பிட்டிருக்கும். ஆனால் எல்லையைக் குறிக்கும்போது முழுப் பேச்சின் சொற்களை எண்ணிக்கொண்டு போகிறது. அதனால்தான் எல்லைகள் தொடக்கத்திலேயே குவிந்தன. எனக்கும் இது ஒரு வாரத்தை விழுங்கியது.

முறையில் குறையில்லை. மார்ட்டி ஹெர்ஸ்ட் 1997இல் விரிவாக எழுதிய அந்த வழியை நீங்களே நாற்பது வரியில் எழுதிவிடலாம். பேச்சை 20 சொல் கொண்ட துண்டுகளாக நறுக்கி, ஒவ்வோர் இடைவெளியிலும் இடப்பக்கம் பத்துத் துண்டுகளையும் வலப்பக்கம் பத்துத் துண்டுகளையும் எடுத்து, இரு பக்கமும் எவ்வளவு ஒரே சொற்களைப் பேசுகின்றன என்று அளக்க வேண்டும். பொருள் மாறும் இடத்தில் அந்த ஒற்றுமை பள்ளமாக இறங்கும்.

தமிழுக்கு இதில் ஒரு தடை உண்டு. வலை, வலையை, வலைக்கு, வலையில் ஆகியவை நிரலுக்கு நான்கு வேறு சொற்கள். ஆகவே முழுச் சொல்லை ஒப்பிடாமல், அதை மூன்று மூன்று குறிகள் கொண்ட எழுத்துத் துண்டுகளாக உடைத்து ஒப்பிடுங்கள். நான்கிலும் 'வலை' என்ற துண்டு பொதுவாக நிற்கும். 'காத்து' என்பதும் 'காத்திருந்தோம்' என்பதும் இதனால் கொஞ்சம் உறவாகிவிடும். என் அனுபவத்தில் அந்த இழப்பு சிறியது.

பள்ளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டிலும், இரு பக்கத்து மேடுகளிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதே முக்கியம். புயல் இரவை ஒருவர் கதையாகச் சொல்லும்போது சொற்கள் அவ்வளவாகத் திரும்ப வருவதில்லை. ஒற்றுமை நெடுகத் தாழ்ந்தே இருக்கும். அங்கே தாழ்வை மட்டும் பார்த்து வெட்டினால் கதை துண்டு துண்டாகிவிடும்.

கீழக்கரை நண்பரின் மௌனம் பாதி உதவும். எல்லை உண்டா இல்லையா என்பதை மௌனம் சொல்லாது. உண்டு என்று தெரிந்தபின், அரை நிமிடச் சுற்றுக்குள் இருக்கும் மிக நீண்ட மௌனத்துக்கு அதை நகர்த்தினால் வாக்கியத்தின் நடுவே அத்தியாயம் தொடங்காது.

பாம்பன், ஒலிப்பதிவு செய்பவர்

சொன்னபடி எழுதி ஓட்டினேன். 41ஆம் நிமிடத்தில், காற்றிலிருந்து புயலுக்குப் போகும் இடத்தில், ஒற்றுமை 0.18, இடப்பக்க மேடு 0.46, வலப்பக்க மேடு 0.41. இரண்டு இறக்கங்களையும் கூட்டினால் ஆழம் 0.51. ஆனால் 58ஆம் நிமிடத்தில், புயல் கதையின் நடுவில், ஒற்றுமை அதைவிடத் தாழ்ந்து 0.15 ஆகிறது. மேடுகள் 0.22, 0.20 மட்டுமே என்பதால் ஆழம் 0.12தான். முன்னதில் பொருள் மாறுகிறது, பின்னதில் மாறவில்லை என்பதை நான் காதாலும் கேட்டு உறுதி செய்தேன். பெரியவர் அங்கே தண்ணீர் குடிப்பதற்காக நிறுத்தியிருக்கிறார். மௌனம் நான்கு விநாடி.

பத்துத் துண்டு என்ற அகலத்தில் 41 எல்லைகள் வந்தன. அவர் நிதானமாகப் பேசுபவர் என்பதால், அகலத்தை இருபதாக்கி, பக்கத்துக்கு நான்கு நிமிடம் போல வைத்தபின் 14 வந்தன. நான் கையால் குறித்தவை 11. அவற்றுள் 8 அரை நிமிட வேறுபாட்டுக்குள் பொருந்தின.

தலைப்புக்கு, அந்தப் பகுதியில் அடிக்கடி வந்து பிற பகுதிகளில் அரிதாக உள்ள சொற்களை எடுக்கச் செய்தேன். எங்கும் வருவதால் 'கடல்' தானே விலகிக்கொண்டது. வலைப் பகுதிக்கும் பாசிப் பகுதிக்கும் ஏற்ற சொற்கள் வந்தன. காற்றுப் பகுதிக்கு வந்த தலைப்போ 'சோழ காலம்'. தெற்கிலிருந்து வீசும் சோழகத்தைப் பெரியவர் சொன்ன 17 இடங்களிலும் பேச்சை எழுத்தாக்கும் நிரல் 'சோழ காலம்' என்றே எழுதியிருந்தது. ஒரே மாதிரி தவறாக எழுதியதால் எல்லை துளியும் கெடவில்லை; தலைப்பு மட்டும் வரலாற்றுப் பாடமாகிவிட்டது. சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்ற பெயர்களைப் பட்டியலாக வைத்துத் திருத்திய பின்னரே தலைப்புகளைக் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. பெரியவர் 1 மணி 5ஆம் நிமிடத்தில் புயலை முடித்து மறுபடியும் காற்றுக்கே வந்து ஏழு நிமிடம் பேசுகிறார். முதல் காற்று அத்தியாயத்தைத் தேடிக் கேட்பவர் இந்த ஏழு நிமிடத்தைத் தவறவிடுவார்.

கீழக்கரை, பயான்களைத் தொகுப்பவர்

'காற்று: தொடர்ச்சி' என்று தலைப்பிடலாமே. பயானில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

ராமநாதபுரம், எழுத்துப்படிகளைக் கையாளும் பணியில் இருப்பவர்

எனக்கு அதில் ஐயம் உண்டு. காற்று திரும்பிய விதத்தை விளக்கவே அவர் புயலைச் சொன்னார் என்றால், மூன்றும் சேர்ந்து 50 நிமிட அத்தியாயம் ஒன்றாகவும், புயல் அதற்குள் ஓர் உட்பிரிவாகவும் இருக்க வேண்டும். இம்முறை பேச்சை வரிசையாக வெட்டும், உள்ளடுக்கைக் காட்டாது. அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பாம்பன், ஒலிப்பதிவு செய்பவர்

நேற்றுக் கேட்டேன். புயலைத் தனியாகப் பிரிக்கக் கூடாது என்கிறார். கேட்ட பிள்ளைகளோ அதைத்தான் தனியாகக் கேட்கிறார்கள். இப்போதைக்கு 41ஆம் நிமிடக் குறியையும் 1 மணி 5ஆம் நிமிடக் குறியையும் நீக்காமல் வைத்திருக்கிறேன். உட்பிரிவோடு செய்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.