காட்டிறைச்சியா, வேட்டை இறைச்சியா? முயல், மான், காடைக்கு ஒரு பொதுச்சொல்

மீனாட்சி எழுதியது:

அன்புள்ள நண்பர்களே,

உணவகத் தொழில் படிக்கும் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடநூலில் இறைச்சிப் பகுதி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆடு, மாடு, கோழியில் சிக்கல் இல்லை. முயல், மான், காடை மூன்றையும் சேர்த்து 'கேம் மீட்' என்று சொல்வதற்குத்தான் சொல் தேவைப்படுகிறது. வரைவில் 'வேட்டை இறைச்சி' என்று போட்டு, 'கொழுப்பற்றது, வாடை மிகுந்தது, நன்கு வேகவைக்க வேண்டியது' என்று ஒரு வரி விளக்கமும் இருக்கிறது. எனக்குச் சொல்லும் உறுத்துகிறது, விளக்கமும் உறுத்துகிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்கறி என்று எதையும் முறையாக வாங்க முடியாது. ஆனால் இந்தப் பிள்ளைகள் கப்பலுக்கும் ஐரோப்பாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே மான்கறியைக் கையாள வேண்டிவரும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அருள் எழுதியது:

'காட்டிறைச்சி' போதும். சின்ன சொல், கேட்டவுடன் புரியும். விளக்கத்தையும் மாற்ற வேண்டாம். காட்டில் ஓடித் திரியும் விலங்கில் கொழுப்பு சேராது, பண்ணையில் அடைத்து வளர்ப்பதில் சேரும். மான்கறியில் 100 கிராமுக்கு இரண்டரை கிராம் கொழுப்புகூட இல்லை, தோலோடு கூடிய கோழியில் 15 கிராம். இந்த வேறுபாட்டைச் சொல்லாத கலைச்சொல்லால் பயன் இல்லை. 'மெலிவிறைச்சி' என்றுகூட வைக்கலாம்.

கதிரேசன் எழுதியது:

வணக்கம். நான் நாமக்கல் பக்கம் காடைப் பண்ணை வைத்திருக்கிறேன். காடை விற்பது சட்டப்படி தவறா என்று கேட்கிறீர்கள் போலிருக்கிறது. தவறில்லை. நாங்கள் வளர்ப்பது ஜப்பானியக் காடை. குஞ்சு பொரித்த ஐந்தாறு வாரத்தில் 200 கிராம் அளவுக்கு வந்ததும் விற்றுவிடுவோம். காட்டில் இருக்கும் கௌதாரி, காடையைப் பிடிப்பதுதான் குற்றம். தயவுசெய்து பாடப் புத்தகத்தில் எங்கள் காடையை 'காட்டிறைச்சி' என்று போட்டுவிடாதீர்கள். இப்போதே கடைக்கு வருகிறவர்கள் "இது பிடித்ததா, வளர்த்ததா" என்று கேட்கிறார்கள். பிடித்தது என்றால் ருசி அதிகம் என்று ஒரு நம்பிக்கை. அப்புறம், கொழுப்பே இல்லை என்பதும் சரியில்லை. எங்கள் காடையைத் தோலோடு வறுத்தால் சட்டியில் நெய் மிதக்கும்.

தவம் எழுதியது:

கதிரேசன் ஐயா சொன்ன கடைசி வரிதான் விஷயம். நான் ஸ்கொட்லாந்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். இலையுதிர்காலம் வந்தால் எங்களுக்கு மானும் முயலும்தான்.

அருள் சொன்ன மான் கணக்கு சரி. ஆனால் அதை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கக் கூடாது. அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணையில் பச்சைக் கறிக்குப் பாருங்கள். காட்டு முயலில் 100 கிராமுக்கு 2.3 கிராம் கொழுப்பு, வளர்ப்பு முயலில் ஐந்தரை. காடை தோலோடு 12 கிராம், தோலை உரித்தால் நாலரை. தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி ஏறக்குறைய மானுக்குச் சமம். ஆகவே கொழுப்பின் அளவை நிர்ணயிப்பது விலங்கின் பெயர் அல்ல; அது எப்படி வாழ்ந்தது, எந்தத் துண்டு, தோல் இருக்கிறதா என்பதுதான்.

இன்னொன்று. எங்களுக்கு வருகிற மானில் பாதி காட்டில் சுட்டது, மீதி நியூசிலாந்துப் பண்ணைகளில் புல் மேய்ந்து வளர்ந்த செம்மான். அதுவும் கொழுப்புக் குறைந்ததுதான், ஏனென்றால் இளம் வயதிலேயே வெட்டுகிறார்கள். அதை 'வேட்டை இறைச்சி' என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

வாடையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வன்னியில் மரை இறைச்சி வத்தல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசம் பிடிக்கும். (தமிழ்நாட்டில் கடமான் என்பீர்கள், நாங்கள் மரை என்போம்.) ஆனால் அது எல்லா மானிலும் வராது. பருவமெடுத்த கிழட்டு ஆண் மானில் வரும். ஓடிக் களைத்துச் செத்ததில் வரும். குடலை எடுக்கத் தாமதித்ததிலும் வரும். பயந்து ஓடிய மிருகத்தின் தசை கறுத்து, இறுகி, கையில் ஒட்டும். அதைக் கண்டால் நான் வறுவலுக்கு எடுக்க மாட்டேன். மானின் கொழுப்புதான் வாடைக்கு முக்கிய காரணம். ஆறினால் மெழுகுபோல் உறைந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெண்ணெயிலோ எண்ணெயிலோ சமைப்போம். பண்ணை மானில் இந்த வேலை குறைவு, சுவையும் மென்மையாக இருக்கும். வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

மீனாட்சி எழுதியது:

மிக்க நன்றி தவம் அண்ணா. 'கொழுப்பற்ற' என்பதை எடுத்துவிட்டேன். கடைக்காரர்கள் சொல்லும் 'தனிக்கறி'யைப் பயன்படுத்தலாமா என்று பார்த்தேன், ஆனால் அது எலும்பில்லாத கறியைத்தான் குறிக்கும். 'கொழுப்புக் குறைந்த' என்றே வைக்கிறேன். வாடைக்கு 'மொச்சை' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். கிடாவின் வாடைக்குச் சொல்வதுபோல. மானுக்குப் பொருந்துமா?

தவம் எழுதியது:

பருவத்து ஆண் மானுக்கு மொச்சை மிகச் சரி. பொதுவான சுவைக்கு 'காட்டு வாடை' இருக்கட்டும். ஒன்றுக்குக் கறியை நிராகரிப்போம், மற்றதுக்கு ஆள் காசு கொடுத்து வருவான்.

ஹாஜிரா எழுதியது:

உணவுப் பாதுகாப்பு பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இன்னும் பெரிய சிக்கல், 'நன்கு வேகவைக்க வேண்டியது' என்ற பகுதிதான். பிள்ளைகள் இதை "நிறம் மாறும் வரை" என்று படித்துக்கொள்வார்கள். இந்த மூன்றிலும் நிறம் ஏமாற்றும். மான்கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு, வெந்த பிறகும் சிவப்பாகத் தெரியலாம். முயல் வெளிறிய கறி, உள்ளே வேகாமலே வெந்ததுபோல இருக்கும். காடையின் தொடை எலும்பை ஒட்டி வெந்த பிறகும் இளஞ்சிவப்பு நிற்கும்.

ஆகவே ஒரு சொல் தேவை. துண்டின் மிகத் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், வெப்பமானியின் முனை காட்டும் சூடு. 'நடுச்சூடு' என்று முன்மொழிகிறேன். அமெரிக்க அரசின் பரிந்துரைப்படி மானுக்கும் முயலுக்கும் நடுச்சூடு 71 டிகிரி செல்சியஸ், காட்டில் பிடித்ததானாலும் வளர்த்ததானாலும். காடைக்குக் கோழியைப்போல 74. பிரிட்டனின் உணவுத் தரமுகமை நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 65 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 60 டிகிரியில் 45 நிமிடம். சூடு குறைந்தால் காத்திருக்கும் நேரம் கூட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லா ஆபத்தும் அடுப்பில் தீருவதில்லை. காட்டு முயலில் துலரேமியா என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். சமைத்தால் அது சாகும், ஆனால் உரிக்கும்போதே கையிலுள்ள கீறல் வழியாக ஏறிவிடும். கையுறை அதற்குத்தான். ஈயக் குண்டால் சுட்ட கறியில் கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள் கலந்திருக்கும், அது எந்தச் சூட்டிலும் போகாது. பிள்ளைகளும் கருவுற்றவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது. காடையிலும் ஒரு வினோதம் உண்டு. மத்தியதரைக்கடல் கடந்து வலசை போகும் காட்டுக் காடைகளைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசைவலி கண்டு, சிறுநீர் கறுத்துப் போனது பழங்காலத்திலிருந்தே பதிவாகியிருக்கிறது. அவை தின்ற ஏதோ ஒரு விதை காரணம் என்கிறார்கள். எந்த விதை என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. கதிரேசன் அண்ணன் பண்ணையில் தீவனம் தெரிந்தது என்பதால் அந்தக் கவலை இல்லை, ஆனால் சால்மோனெல்லா கவலை இருக்கிறது. 74 அதற்காகத்தான்.

அருள் எழுதியது:

'நடுச்சூடு' அருமை. ஆனால் மான்கறியை 71 வரை கொண்டுபோனால் மரக்கட்டை ஆகிவிடுமே? பெரிய உணவகங்களில் நடுவில் சிவப்பாகத்தானே கொடுக்கிறார்கள்?

தவம் எழுதியது:

உண்மைதான், கொடுக்கிறார்கள். முதுகுத் துண்டை 55 பக்கம் எடுத்து வைப்பார்கள். ஹாஜிரா சொன்ன அளவை அது எட்டாது. வாடிக்கையாளர் தெரிந்தே கேட்கிற விஷயம் அது, பாடத்தில் அடிப்படையாக வைக்கக் கூடாது. கொழுப்பு ஊடே ஓடாத கறி என்பதால் சூடு 65ஐத் தாண்டினால் நார் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும், காப்பாற்ற உள்ளே நெய் இல்லை. அதனால் 71க்குப் போகும் கறிக்கு வேறு வழி பிடிக்க வேண்டும்.

வளர்ப்பு முயலை வைத்துச் சொல்கிறேன், இரண்டு கிலோ உயிர் எடை. உரித்து வெட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ கறி. அதை ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் போடாதீர்கள். முன்கால், பின்கால் முதலில். வெங்காயம் தக்காளி மசாலாவோடு மூடி, குறைந்த தணலில் ஒரு மணி நேரம். கால் தசையில் இருக்கும் சவ்வு அந்த நேரத்தில் கரைந்து குழம்பை வழுவழுப்பாக்கும். முதுகுத் துண்டில் சவ்வு இல்லை, அதைக் கடைசிப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மட்டும் போட்டு, நடுச்சூடு 71 தொட்டதும் இறக்கிவிடுங்கள். ஒன்றாகப் போட்டால் கால் வேகும்போது முதுகு பஞ்சாகிவிடும். முயல்கறி 'வறட்டு' என்று சொல்கிறவர்களில் பலர் இப்படித்தான் சமைத்திருப்பார்கள். காட்டில் பிடித்த கிழட்டு முயலானால் கால் இரண்டு மூன்று மணி நேரம்கூட கேட்கும்.

அடுப்பில் சுடுகிறபோது கொழுப்பை வெளியிலிருந்து கொடுக்கலாம். காடை நெஞ்சின்மேல் கொழுப்புத் துண்டைப் போர்த்துவது ஒரு முறை. பெரிய மான் தொடையில் நீண்ட ஊசியால் கொழுப்பை உள்ளே கோர்த்துவிடுவது இன்னொரு முறை. 'கொழுப்புப் போர்த்தல்', 'கொழுப்புக் கோர்த்தல்' என்று இரண்டு சொல் வேண்டும் மீனாட்சி. இரண்டையும் 'கொழுப்பூட்டல்' என்று ஒன்றாக்கினால் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பதுபோல இருக்கும்.

கதிரேசன் எழுதியது:

தோலோடு கொடுத்தால் காடைக்கு எதையும் போர்த்த வேண்டாம். தோல்தான் போர்வை. மருத்துவர் கொழுப்புக் குறைக்கச் சொன்னவர்களுக்கு, சமைத்த பிறகு தோலை உரித்துச் சாப்பிடச் சொல்கிறேன். முன்னாலேயே உரித்தால் நெஞ்சு காய்ந்துபோகும்.

மீனாட்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடுச்சூடு, காட்டு வாடை, கொழுப்புப் போர்த்தல், கொழுப்புக் கோர்த்தல் நான்கையும் ஏற்றுக்கொள்கிறேன். விளக்க வரியை ஹாஜிரா அக்கா சொன்னபடி மாற்றுகிறேன். தலைச்சொல்தான் நிற்கிறது. உண்மையில் சுட்டதையோ பிடித்ததையோ மட்டும் 'வேட்டை இறைச்சி' என்று வைத்துக்கொண்டு, பண்ணையிலிருந்து வருவதை 'வளர்ப்பு மான்', 'வளர்ப்பு முயல்', 'வளர்ப்புக் காடை' என்று பெயரோடு எழுதலாமா? மூன்றுக்கும் பொதுவாக 'காட்டின இறைச்சி' என்று வைக்கலாம் எனத் தோன்றுகிறது. காட்டில் பிறக்கும் இனம் என்ற பொருளில்.

ஹாஜிரா எழுதியது:

முதல் பாதிக்கு என் முழு ஆதரவு. சமையல்காரர் கையுறை போடுவதும் ஈயம் தேடுவதும் அந்தப் பிரிவை வைத்துத்தான். 'காட்டின இறைச்சி' ஒத்துவராது. வளர்ப்பு முயலும் ஜப்பானியக் காடையும் பல தலைமுறையாக வீட்டினமாகிவிட்டவை. பொதுச்சொல் இல்லாமலே பாடத்தை எழுத முடியாதா?

அருள் எழுதியது:

முடியாது. பிள்ளைகள் வேலைக்குப் போகும் ஐரோப்பாவில் உணவுப் பட்டியலில் மூன்றும் ஒரே தலைப்பின்கீழ் வரும், மாணவனுக்கு அந்தத் தலைப்புக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். நான் 'காட்டிறைச்சி'யை இன்னும் விடவில்லை. கதிரேசன் அண்ணன் பண்ணைக்குத் தனியாக 'வளர்ப்பு' என்ற அடை சேர்த்துக்கொள்ளலாம்.