ஐஆர் க்ளீன் போட்டால் ஒரு ரோலில் மட்டும் வெள்ளைப் பகுதிகள் கரைகின்றன

நெகட்டிவ்பெட்டி:
கலர் நெகட்டிவ், சி-41 ஃபிலிம். VueScan-ல் Infrared clean-ஐ Medium-ல் வைத்து ஸ்கேன் செய்கிறேன். ஒரு ரோலில் தூசி, கீறல் எல்லாம் சுத்தமாகப் போய்விடுகிறது. அதே ஸ்கேனர், அதே செட்டிங், வேறொரு ரோல்: வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் மெழுகு போல வழிகின்றன, மேக விளிம்புகளில் திட்டுத்திட்டாகக் கறை. க்ளீனை அணைத்தால் படம் சரியாக வருகிறது, ஆனால் தூசி அப்படியே நிற்கிறது. ஸ்கேனர் கோளாறா?

பிலிம்சுருள்:
Medium-ஐ Light ஆக்குங்க ப்ரோ. சாஃப்ட்வேர் ஓவரா வேலை செய்யுது, அவ்வளவுதான்.

கீறல்வேட்டை:
ஐஆரைத் தனிப் பாஸாக எடுக்கிற ஸ்கேனரா? இரண்டு பாஸுக்கும் நடுவில் ஹோல்டர் துளி நகர்ந்தாலும் இப்படி விளிம்பு கெடும்.

ஒளிமேசை:
பாஸ் நகர்ந்திருந்தால் இரண்டு ரோலிலும் தெரியும். இருட்டு, வெளிச்சம் என்று பார்க்காது. இங்கே கெடுவது படத்தில் வெளிச்சமான இடங்கள் மட்டும். அதாவது நெகட்டிவில் அடர்த்தியான இடங்கள். அங்கே வெள்ளி தங்கியிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். தூசியும் கீறலும் மறிக்கும். அதனால்தான் ஐஆர் சேனலில் கறுப்பாகத் தெரிவதை எல்லாம் சாஃப்ட்வேர் குப்பை என்று எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பிக்சலை வைத்து நிரப்புகிறது. வெள்ளியும் மறிக்கும். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இது உதவாததற்குக் காரணம் அதுதான். டெவலப் செய்தபோது பிளீச் தீர்ந்துபோயோ, சூடு போதாமலோ இருந்திருந்தால் கலர் ஃபிலிமிலும் வெள்ளி மிச்சமிருக்கும். அப்போது உங்கள் சட்டையையே குப்பை என்று நினைத்து அழிக்கும்.

ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம். Output-ல் Raw file-ஐ டிக் செய்து, வகையை 64 bit RGBI ஆக்குங்கள். இரண்டு ரோலிலும் தலா ஒரு ஃபிரேமை, எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, ஸ்கேன் செய்யுங்கள். பிறகு நாலாவது சேனலைத் தனியே எடுங்கள்:

```
import tifffile
a = tifffile.imread("scan0001.tif")
tifffile.imwrite("ir.tif", a[..., 3].copy())
```

நல்ல ரோலில் வெளிறிய சாம்பல் பரப்பில் தூசி மட்டும் கறுப்பாக இருக்கும். படத்தின் சாயல் மிக லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை, சியான் சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் மறிக்கும். மற்ற ரோலில் முழுப் படமும் நெகட்டிவாகவே தெரிந்தால் வெள்ளிதான்.

நெகட்டிவ்பெட்டி:
அப்படியேதான் சார். சட்டையும் மேகமும் கரி அப்பியது போல இருக்கின்றன. Light-ல் போட்டும் பார்த்தேன். கறை குறைந்தது, தூசியும் பாதி திரும்பி வந்துவிட்டது.

ஒளிமேசை:
பிலிம்சுருள் சொன்னதன் விளைவு அதுதான்: கறை குறையும், காரணம் போகாது. வெள்ளியை இப்போதும் எடுக்கலாம். விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம், படம் ஏற்கெனவே உருவாகிவிட்டது.

முக்கியமில்லாத ஒரு துண்டில் முதலில் செய்யுங்கள். ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, புது சி-41 பிளீச்சில் 38 டிகிரியில் 6½ நிமிடம். பிளீச்சுக்குக் காற்று வேண்டும், ஊற்றுமுன் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். 3¼ நிமிடம் கழுவி, ஃபிக்ஸரில் 6½ நிமிடம். ஃபிக்ஸரை விட்டுவிடாதீர்கள்: பிளீச் வெள்ளியை வேறு உப்பாகத்தான் மாற்றும், அதைக் கரைத்து வெளியேற்றுவது ஃபிக்ஸர். மறுபடி 3¼ நிமிடம் கழுவி, ஃபைனல் ரின்ஸ் 1½ நிமிடம், தொங்கவிட்டுக் காயவைத்தல்.

பூஞ்சை பிடித்த நெகட்டிவ் என்றால் தண்ணீரில் போடவே கூடாது, எமல்ஷன் கரைந்து வந்துவிடும்.

ஸ்லைடுமாமா:
எனக்கும் இதே தொல்லை, ஆனால் கோடாகுரோம் ஸ்லைடு. இருண்ட இடங்களில் நுண்ணிய விவரம் போகிறது. நானும் மறுபடி பிளீச் செய்யலாமா?

ஒளிமேசை:
வேண்டாம் ஐயா. உங்களுடையதில் ப்ராசஸிங் சரியாகவே இருந்திருக்கலாம். கோடாகுரோமின் சியான் சாயமே அகச்சிவப்பை விழுங்கும், அதனால்தான் இருட்டில் கெடுகிறது. நிக்கான் கூல்ஸ்கேன் 9000-ல் வந்த டிஜிட்டல் ஐஸ் ப்ரொஃபெஷனல் அதற்கென்றே செய்தது. உங்களிடம் அது இல்லையென்றால் ஐஆரை அணைத்துவிட்டு, ஊதுபந்தால் தூசியைத் தட்டி, மிச்சத்தைக் கையால் திருத்துவதே மேல். இ-6 ஸ்லைடுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நெகட்டிவ்பெட்டி:
ஒரு துண்டு முடித்தேன். ஐஆர் வெளுத்துவிட்டது, சட்டை மடிப்பு Medium-லேயே அப்படியே நிற்கிறது. நிறமும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. ஒரு கைரேகை மட்டும் ஐஆரில் தெரியாமல் படத்தில் தெரிகிறது.

கீறல்வேட்டை:
மெல்லிய எண்ணெய்ப்பசை அகச்சிவப்பைப் பெரிதாக மறிக்காதே, சாஃப்ட்வேர் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஃபிலிம் க்ளீனரைப் பஞ்சில் தொட்டு, பளபளப்பான பக்கத்தை மட்டும் துடைத்துப் பாருங்கள்.

ஒளிமேசை:
ரேகை எந்தப் பக்கம் என்று முதலில் விளக்கில் சாய்த்துப் பாருங்கள். எமல்ஷன் பக்கம் பழைய ரேகை அரித்திருந்தால் எதுவும் எடுக்காது.