மேக்னெட்ரானைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்காக நுண்ணலை அடுப்பு பிறந்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த ரேதியான் நிறுவனம், அங்கே ரேடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், அவர் சட்டைப்பையில் இளகிப்போன தின்பண்டம் என்று கதை போகிறது. எனக்குச் சிக்கல், ரேடாருக்கு அலையைத் தந்த அந்தக் குழலின் பெயரில்தான். ஒரே பக்கத்தில் ஏழெட்டுத் தடவை 'மேக்னெட்ரான்' வருகிறது. பத்து வயதுப் பிள்ளை அதில் இடறி நிற்கும். 'காந்தலைவி' என்று போடலாமா? வேறு நல்ல சொல் இருந்தாலும் சொல்லுங்கள்.

சேவியர் எழுதியது:

வணக்கம். எனக்கு ரொம்ப நாளாகவே இதில் மனத்தாங்கல் உண்டு. தீயும் இல்லை, புகையும் இல்லை, அதை எப்படி அடுப்பு என்பது? 'நுண்ணலைப் பேழை' என்றோ 'அலைச்சூட்டுப் பெட்டி' என்றோ மாற்ற வேண்டும். அந்தப் பெயரைத் திருத்தாமல் உள்ளே இருக்கிற உறுப்புக்குப் பெயர் தேடுவதில் என்ன பயன்?

முத்துக்குமார் எழுதியது:

சேவியர் அண்ணே, கேட்டது வேறு. அடுப்பு அடுப்பாகவே இருக்கட்டும். மின்னடுப்பிலும்தான் தீ இல்லை.

கயல்விழி, பள்ளிப் பாடநூலில் 'அலையியற்றி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் காந்தத்தைச் சேர்த்து 'காந்த அலையியற்றி' என்று போடுங்கள், வேலை முடிந்தது. கூடவே ஒன்று: 2450 மெகாஹெர்ட்ஸ் என்பது நீர் மூலக்கூறின் இயல்பு அதிர்வெண். அதோடு ஒத்ததிர்வு ஏற்படுவதால்தான் உணவு சூடாகிறது. இதைக் கட்டாயம் எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நடந்த ஆண்டு 1946 என்று படித்த நினைவு.

இராமநாதன் எழுதியது:

நான் ரேடார் குழல்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆண்டு. ஸ்பென்சர் தம் காப்புரிமை விண்ணப்பத்தைக் கொடுத்தது 1945 அக்டோபர் 8. ஆகவே பண்டம் உருகியது அதற்கு முன்னால்தான் இருக்க முடியும். உரிமை கிடைத்தது 1950 ஜனவரியில்.

அடுத்து, 'காந்த அலையியற்றி'. முத்துக்குமார், இந்தச் சொல்லைப் படிக்கிற பிள்ளை எங்கே பிரிக்கும்? 'காந்த அலை' என்று பிரித்து, அதை இயற்றுவது என்றுதான் பொருள் கொள்ளும். 'காந்தலைவி'க்கும் இதே கதிதான். அந்தக் குழலில் காந்தம் அலையை உண்டாக்குவதில்லை. அலைக்கு ஆற்றலும் அது கொடுப்பதில்லை. ஆற்றல் முழுவதும் உயர் மின்னழுத்தத்திலிருந்து வருகிறது. வீட்டு அடுப்பில் ஏறத்தாழ 4000 வோல்ட்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், அதிலிருந்து பெயரைத் தேடுங்கள். தடித்த செப்புக் கட்டி ஒன்று. நடுவில் துளை. அந்தத் துளையைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பொந்துகள், ஒவ்வொரு பொந்தும் நடுத்துளையைப் பார்த்துத் திறந்திருக்கும். நடுவில் நிற்கும் கம்பி சூடேறியதும் எலக்ட்ரான்கள் கிளம்பும். எதுவும் தடுக்காவிட்டால் அவை நேரே செப்பில் போய் விழும். காந்தம் அவற்றின் பாதையை வளைத்து நடுவில் சுற்றவிடுகிறது. சுற்றிவரும் கூட்டம் பொந்துகளின் வாயைக் கடக்கும்போது உள்ளே அதிர்வு எழுகிறது. வெறும் பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதினால் ஓசை வருகிறதே, ஏறக்குறைய அப்படி. பாட்டிலின் அளவு சுருதியைத் தீர்மானிப்பதுபோல் பொந்தின் அளவு அலைநீளத்தைத் தீர்மானிக்கிறது.

மேக்னெட்ரான் என்ற பெயரை ஆல்பர்ட் ஹல் வைத்தபோது இந்தப் பொந்துகள் கிடையாது. அவர் 1920 வாக்கில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்தது, மின்னோட்டத்தைக் காந்தத்தால் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு. பொந்துகளைச் சேர்த்தவர்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ராண்டலும் பூட்டும், 1940 பிப்ரவரியில். முதல் ஓட்டத்திலேயே 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அலையில் சுமார் 400 வாட் கிடைத்தது. அவ்வளவு சிறிய அலையில் அவ்வளவு ஆற்றல் பிரிட்டனில் அதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை. அந்த ஆண்டே பிரிட்டன் அனுப்பிய டிசார்டு அறிவியல் குழு அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ரேதியானுக்கு உற்பத்தி வேலை வந்தது அப்படித்தான்.

ஸ்பென்சரின் பெரிய வேலை சாக்லேட் அல்ல. செப்புக் கட்டியைக் கடைந்து துளையிடுவது நாள்கணக்கில் இழுக்கும், கைதேர்ந்த ஆள் வேண்டும். அவர், பொந்துகளின் வடிவத்தை மெல்லிய செப்புத் தகடுகளில் அச்சு வைத்து வெட்டி, இடையிடையே வெள்ளிப் பற்றாசுத் தகடு வைத்து அடுக்கி, உலையில் ஏற்றி ஒரே கட்டியாக்கும் வழியைக் கண்டார். போர் முடியும் காலத்தில் நாளொன்றுக்கு 2600 மேக்னெட்ரான்கள் வெளிவந்தன என்பார்கள். இதையும் உங்கள் கதையில் ஒரு பத்தி சேருங்கள்.

சேவியர் எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். சாக்லேட் பையில் இருந்தால் உருகத்தானே செய்யும்? எங்கள் மதுரையில் கடையிலிருந்து வீடு சேர்வதற்குள் பாயசமாகிவிடுகிறது. இதை வைத்து ஒரு கண்டுபிடிப்பா?

இராமநாதன் எழுதியது:

நல்ல கேள்வி, சேவியர். சாக்லேட் நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். ஆகவே பை நனைந்தது மட்டும் எதையும் நிரூபிக்காது. அது சாக்லேட் அல்ல, வேர்க்கடலைக் கட்டி என்று அவருடைய பேரன் சொல்லியிருக்கிறார், அதற்குக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். எப்படியானாலும் அவர் அங்கே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். அடுத்து அவர் எடுத்தது பொரிசோளம். சோளம் பொரிய ஏறக்குறைய 180 டிகிரி வேண்டும். எந்தச் சட்டைப்பையும் அந்தச் சூட்டைத் தராது. பிறகு முட்டை. அது வெடித்து, பக்கத்தில் எட்டிப்பார்த்தவர் முகத்தில் தெறித்தது என்பது கதையில் தவறாமல் வரும் பகுதி.

மேக்னெட்ரான் பக்கம் நின்றால் கதகதப்பாக இருக்கும் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்ததுதான். வானொலி அலையால் சமைப்பதும் புதிதல்ல. 1933 சிகாகோ கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் இறைச்சித் துண்டை வைத்துச் சமைத்துக் காட்டியது. அங்கே அலை பல மீட்டர் நீளம். ஸ்பென்சரின் விண்ணப்பம் வற்புறுத்துவது, அலைநீளம் உணவின் அளவுக்கு இறங்கினால் ஆற்றல் வீணாகாமல் உள்ளே போகும் என்பதை.

ஃபாத்திமா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கலைச்சொல் எனக்குத் தெரியாது, சமையல் தெரியும். காயல்பட்டினத்தில் மீன் ஆணத்தை ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறுநாள் எங்கள் அடுப்பில் முழுச் சூட்டில் வைப்பேன். ஓரத்தில் கொதித்துச் சிந்துகிறது, நடுவில் மீன் அப்படியே கல்லாக இருக்கிறது. உள்ளிருந்து வெளியே சூடாகும் என்றுதானே சொன்னார்கள்? அடுப்பில் கோளாறா, ஆணத்தில் கோளாறா?

முத்துக்குமார் எழுதியது:

நீர் மூலக்கூறு ஒத்ததிர்வு என்றுதானே சொன்னேன் அம்மா. ஐஸில் மூலக்கூறுகள் கட்டுண்டு கிடக்கின்றன, அதனால் அதிராது.

இராமநாதன் எழுதியது:

இதில் பாதி சரி, முத்துக்குமார். கட்டுண்டு கிடப்பது உண்மை. ஒத்ததிர்வுதான் தவறு. அலையின் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை ஊசலாடுகிறது. திரவ நீரில் மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்பப் பார்த்து, சற்றுப் பிந்தி, அக்கம்பக்கத்தோடு உரசிச் சூடாகின்றன. குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில்தான் இது நடக்கும் என்றில்லை. அமெரிக்காவில் ஆலைகள் 915 மெகாஹெர்ட்ஸிலும் சமைக்கின்றன. அறைவெப்பத்தில் நீர் மிகுதியாக உறிஞ்சுவது இதைவிடப் பல மடங்கு மேலே, 20 கிகாஹெர்ட்ஸ் அருகில். அங்கே அடுப்பை வைத்தால் அலை முழுவதும் உணவின் மேல்தோலிலேயே தீர்ந்துபோகும். 2450 மெகாஹெர்ட்ஸில், அதாவது 12 சென்டிமீட்டர் அலையில், அது ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே போகிறது. அதற்கு மேல் சூடு வழக்கம்போல் கடந்துதான் போகவேண்டும்.

ஃபாத்திமாம்மா, அடுப்பில் கோளாறு இல்லை. ஐஸ் அலையை மிகக் குறைவாகவே பிடிக்கும். ஓரத்தில் முதலில் உருகும் இரண்டு கரண்டிக் குழம்பு எல்லா அலையையும் வாரிக்கொள்ளும், சூடேறும், இன்னும் உருக்கும், கொதிக்கும். நடு மீனுக்கு மிச்சம் வராது. டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காது கொடுங்கள். மேக்னெட்ரான் கொஞ்ச நேரம் உறுமும், பிறகு ஓயும். அந்த ஓய்வில்தான் ஓரத்துச் சூடு நடுவுக்குப் போகிறது. கட்டி விட்டதும் எடுத்து மீனைப் பிரித்து வைத்துத் திரும்ப வையுங்கள்.

ஃபாத்திமா எழுதியது:

சரி வாப்பா, உறுமலை இனிமேல் கவனிக்கிறேன். முட்டை வெடித்த கதைதான் எனக்கும் நடந்தது, அவித்த முட்டையிலேயே.

கயல்விழி எழுதியது:

இராமநாதன் ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன செயலையே பெயராக்கிப் பார்த்தேன். காந்தம் செய்வது சுழற்றுவது. ஆகவே 'காந்தச்சுழற்குழல்'. பிள்ளைகளும் சொல்லிப் பார்க்கலாம், நாக்கு மடிகிறது. என்ன சொல்கிறீர்கள்?

முத்துக்குமார் எழுதியது:

ஒத்ததிர்வை விட்டுக்கொடுக்கிறேன். சொல்லை விட மாட்டேன். பழுதான அடுப்பைப் பிரித்து மேக்னெட்ரானைப் பார்த்தவன் நான். வெளியே அலுமினியச் சிறகுகள், உள்ளே செப்புக் கட்டி, இரண்டு வளையக் காந்தம். குழல் மாதிரி அதில் ஒன்றும் இல்லை. படத்தில் பார்க்கிற பிள்ளை 'குழல் எங்கே?' என்று கேட்கும். பொந்துகளை விட்டுவிட்டால் 1940இல் நடந்ததையே விட்டதாகாதா? அதோடு, இதற்குச் சுழற்குழல் என்றால் நுண்ணலைக்கான இன்னொரு கருவியான கிளிஸ்ட்ரானுக்கு என்ன வைப்பீர்கள்? ஒரே குடும்பத்துக்கு ஒரே பாங்கில் பெயர் வேண்டும்.

இராமநாதன் எழுதியது:

உள்ளே வெற்றிடம் இருக்கும் எதையும் எங்கள் தொழிலில் குழல் என்றே சொல்வோம், வடிவம் எப்படி இருந்தாலும். ஆனால் கிளிஸ்ட்ரான் கேள்வி நியாயமானது. அங்கே எலக்ட்ரான்கள் சுற்றுவதில்லை, நேராகப் போகும்போதே கொத்துக் கொத்தாகச் சேர்கின்றன. 'கொத்துக்குழல்' என்று எனக்குத் தோன்றுகிறது, அதைக் கேட்டு என் மனைவி சிரிக்கிறாள். பொந்தைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் 'பொந்துச் சுழற்குழல்' என்று நீளும், சிறுவர் இதழுக்கு அது ஆகாது.

சேவியர் எழுதியது:

அந்த முதல் பெட்டி எவ்வளவு பெரிது? பேழை என்ற என் சொல்லுக்கு ஆதாரம் கிடைக்குமா பார்க்கிறேன்.

இராமநாதன் எழுதியது:

1947இல் ரேதியான் விற்ற ரேடாரேஞ்சு ஏறக்குறைய ஆறடி உயரம், 340 கிலோ. மேக்னெட்ரான் சூட்டைத் தணிக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேண்டும். உணவகங்களும் கப்பல்களும்தான் வாங்க முடிந்தது. அது பேழை அல்ல சேவியர், பீரோ. சமையலறை மேசையில் உட்காரும் அளவு மாதிரியை அமானா நிறுவனம் 1967இல் 495 டாலருக்குக் கொண்டுவந்தது. அதைப் பேழை என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

கயல்விழி எழுதியது:

இதழுக்கு நாளை அனுப்ப வேண்டும். முதல் தடவை 'மேக்னெட்ரான் என்ற காந்தச்சுழற்குழல்' என்று எழுதி, பிறகு வருமிடங்களில் 'சுழற்குழல்' என்று சுருக்கிக்கொள்கிறேன். செப்புக் கட்டியின் வெட்டுப்படம் ஒன்றும் வைக்கிறேன், பொந்துகளுக்குப் பொந்து என்றே பெயர் போட்டு. முத்துக்குமார் அண்ணாவின் எதிர்ப்பையும் கிளிஸ்ட்ரானையும் குழுவின் நிலுவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். முட்டை தெறித்த படத்தை ஓவியர் ஏற்கெனவே வரைந்துவிட்டார்.