குரூப் 2 முடிவு வரும்வரை எழுதிப் பழகுகிறேன், ஒரு இடத்தில் சிக்கிவிட்டேன்

வணக்கம். மன்னார்குடி பக்கம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதல்நிலை எழுதி இரண்டரை மாதம் ஆகிறது. விடைக்குறிப்புப்படி 200 கேள்வியில் 146 சரி, அதாவது 219 மதிப்பெண். உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாத இடம். தினமும் இணையதளம் பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் மனசு அடங்கியது.

முதன்மைத் தேர்வு விரிவாக எழுதுவது என்பதால் விடியற்காலையில் எழுதுகிறேன், அப்புறம் அப்பாவோடு வயலுக்கு. காவிரிப் பங்கீடு பற்றிய ஒரு விடைக்கு 40 நிமிடம், நான்கு பக்கம் ஆனது. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழகத்துக்குச் சொன்ன 177.25 டி.எம்.சி. கடைசிப் பக்கத்தில்தான் வந்தது. நம்ம ஊர் விஷயம், எதையும் விட மனம் வரவில்லை.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன்; விடை பாதியில் நின்றது. குறிப்புச் சட்டகம் போட்டேன். அதுவே 10 நிமிடம் தின்றது. திருத்திச் சொல்ல இங்கே ஆளில்லை.

முதன்மைத் தேர்வு எழுதியவர்களே, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?