புதுப்பிப்பு: பிறப்புச் சான்றிதழின் ஊர்ப் பெயரும் அப்பா பெயரும்

நான் கேட்டிருந்தது: "1991இல் கிருஷ்ணகிரியில் பிறந்தேன். சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கிறது. சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். அமெரிக்க விசா படிவத்தில் எதை எழுதுவது?"

விசா வந்துவிட்டது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

சொந்த ஊரைத்தான் எழுத வேண்டும் என்ற நண்பரின் யோசனை எனக்குப் பொருந்தவில்லை. DS-160 விசா படிவம் பிறந்த இடத்தைத்தான் கேட்கிறது. ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஐயா சொன்னபடி, பாஸ்போர்ட்டில் உள்ளவாறே City கட்டத்தில் KRISHNAGIRI என்றும், மாநிலத்தில் TAMIL NADU என்றும் நிரப்பினேன். அங்கே மாவட்டத்துக்குக் கட்டமே இல்லை.

எதிர்பாராத சிக்கல் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்தது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. மொழிபெயர்த்தவர் அதை நினைத்து, தருமபுரி மாவட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று 'திருத்தி'விட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் மூலத்தில் இல்லாததை எழுதினால் அது மொழிபெயர்ப்பே அல்ல. DHARMAPURI DISTRICT என்று மாற்றி வாங்கினேன்.

சான்றிதழில் அப்பா பெயர் 'மு. பெரியசாமி'. மொழிபெயர்த்தவர் PERIASAMI என்று எழுதியிருந்தார். என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் PERIYASAMY என்றிருக்கிறது. அந்த எழுத்துகளையே மொழிபெயர்ப்பிலும் விசா படிவத்திலும் வைத்தோம். 'த/பெ' என்பதற்கு S/o போதும்.

'மு.'வை விரித்து எழுதுவதா என்பதில்தான் இங்கே சண்டை ஓயவில்லை. நான் M. என்றே விட்டேன், நேர்காணலில் யாரும் கேட்கவில்லை. மகளின் ஆதாரில் பெயர் மாற்றுவது பற்றிக் கேட்ட அக்கா, அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள்.