முழங்கை வலிக்குப் போட்ட ஊசியை மணிக்கட்டு வலிக்கும் போடலாமா?

தையற்கடைக்காரர், திருப்பூர்:
எனக்கு டென்னிஸ் எல்போ வந்தபோது முழங்கையின் வெளிப்புறத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில வாரங்கள் கத்தரிக்கோல் பிடிக்கவே சுகமாக இருந்தது. பின்னர் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பி, நெடுநாள் நீடித்தது. இப்போது பிரசவமாகிச் சில மாதங்களே ஆன என் மகளுக்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி. குழந்தையைத் தூக்கும்போது துடித்துப்போகிறாள். டி குவர்வெய்ன் என்று சொல்லி, அதே ஊசியைப் பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
ஊசி எங்கே போட்டாலும் தற்காலிகம்தான், தவிர்த்துவிடுங்கள் ஐயா. நோயைக் கண்டுபிடிப்பதும் எளிது. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் வலிக்கும். நான் செய்து பார்த்தேன், எனக்கும் வலித்தது; ஆகவே எனக்கும் அது இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இயன்முறை மருத்துவர்:
அம்மா, நீங்கள் சொன்ன முறையில் நோய் இல்லாத பலருக்கும் வலிக்கும். ஃபிங்கெல்ஸ்டீன் சோதனை என்று பலரும் சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அது ஐக்காஃப் என்பவர் காட்டிய முறை. 1930இல் ஃபிங்கெல்ஸ்டீன் எழுதியபடி, சோதிப்பவர்தான் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்துக் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். மற்றக் கையிலும் செய்து ஒப்பிட வேண்டும். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு முனையில் தொட்டாலே வலிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் வலி அதற்குச் சற்றுக் கீழே, கட்டைவிரலின் அடிமூட்டில் இருந்தால் மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். கட்டைவிரல் எலும்பை அந்த மூட்டின்மேல் அழுத்திச் சுழற்றும்போது வலியோடு நறநறப்பும் தெரிந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

தையற்கடை ஐயாவுக்கு: இரண்டு வலிகளும் ஒரே இனமல்ல. முழங்கையில், மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இழைகள் சிதைந்து போகின்றன. அங்கே ஸ்டீராய்டு முதல் சில வாரங்களுக்கு வலியை அடக்குகிறது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்களுக்கு நடந்தது அதுதான். கட்டைவிரல் பக்கத்தில் சிக்கல் வேறு: இரண்டு தசைநாண்கள் செல்லும் உறை தடித்து, பாதை இறுகிவிடுகிறது. உறைக்குள் சரியாகப் போடும் ஊசி அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. பலருக்கு ஒரு முறையே போதும். ஊசி தோலுக்கு அடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்துக் குழி விழலாம், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள்கள் அளவு ஏறலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலி புதிது என்றால் முதலில் ஸ்பிளிண்ட் போட்டுப் பார்க்கலாம். அது மணிக்கட்டையும் கட்டைவிரலின் அடியையும் பிடித்திருக்க வேண்டும், நுனி மூட்டு அசைய வேண்டும். வெறும் மணிக்கட்டுப் பட்டை பயன்படாது, ஏனெனில் கட்டைவிரல் ஓய்வெடுக்காது. குழந்தையை அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கோத்துத் தூக்காமல், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, முன்கையில் ஏந்தித் தூக்கச் சொல்லுங்கள்.

ஷட்டில் ஆடுபவர்:
எனக்கு முழங்கை வலி. கடையில் ஒரு பெல்ட் வாங்கி, வலிக்கும் எலும்பின்மேலேயே இறுக்கிக் கட்டுகிறேன். எந்த கம்பெனி பெல்ட் நல்லது?

இயன்முறை மருத்துவர்:
கம்பெனியைவிடக் கட்டும் இடம் முக்கியம். எலும்பின்மேல் கட்டினால் வலிதான் கூடும். அதற்கு இரண்டு விரற்கடை கீழே, தசை புடைக்கும் இடத்தில் கட்டுங்கள், விரல்கள் மரத்துப்போனால் தளர்த்துங்கள். அதற்கு முன் டென்னிஸ் எல்போதானா என்று பாருங்கள்: உள்ளங்கை கீழே நோக்க, விரல்களை முஷ்டியாக மடக்கி மணிக்கட்டை மேலே தூக்குங்கள், ஒருவர் அதைக் கீழே அழுத்தட்டும். வெளிப்புற எலும்பிலேயே வலி எழுந்தால் பெரும்பாலும் அதுதான். அதிலிருந்து சில விரற்கடை கீழே, தசைக்குள் வலி எழுந்தால் நரம்பு அழுத்தமாக இருக்கலாம்; அதற்குப் பெல்ட் கேடு.

பயிற்சியில் மெதுவாக இறக்குவதே உயிர்நாடி. முன்கையை மேசையில் வைத்து, அரைக் கிலோ எடையை மற்றக் கையால் மேலே ஏற்றி, வலிக்கும் கையால் மட்டும் பொறுமையாக இறக்குங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே அடங்குகிறது என்பதால், பயிற்சியால் எவ்வளவு, காலத்தால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வங்கி ஊழியர்:
எனக்கு டி குவர்வெய்ன் ஊசி இரண்டு முறை போட்டும் போகவில்லை. ‘நன்றாக வேலை செய்கிறது’ என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இயன்முறை மருத்துவர்:
சிலருக்கு அந்த உறைக்குள் ஒரு தடுப்பு இருந்து, ஒரு தசைநாண் தனி அறையில் ஓடும். மருந்து மற்ற அறைக்கே போனால் பயனில்லை. எதிர்ப்புக்கு எதிராகக் கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து முன்னோக்கி விரிக்கும்போது வருவதைவிட, அதேபோல் நிமிர்த்தும்போது வலி கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் மருத்துவரிடம் சொல்லி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி போட முடியுமா எனக் கேளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

தையற்கடைக்காரர், திருப்பூர்:
மகள் இப்போதைக்கு ஸ்பிளிண்டோடு சில வாரங்கள் பார்க்கிறேன் என்கிறாள். ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதைக் கழற்றிவிடுகிறாள்; அது பரவாயில்லையா?